சொன்ன நேரமும் நடந்த நேரமும்: பேச்சுப் பதிவு மயக்க மருந்து அட்டவணையாகும் விதம்

நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தும் முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களில் மயக்க மருந்து மருத்துவரின் இரண்டு கைகளும் ஓய்வதில்லை. ஒரு கை முகமூடியைப் பிடித்திருக்கும், மறு கை பலூனை அழுத்திக்கொண்டிருக்கும், கண் மானிட்டரில் இருக்கும். என்ன மருந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று எழுதியாக வேண்டிய நேரமும் அதுவேதான். ஆகவே பெரும்பாலும் எல்லாம் அடங்கிய பிறகு, நினைவிலிருந்துதான் தாளை நிரப்புகிறார்கள். வாய் மட்டும் அப்போதும் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. "ஃபென்டனில் போயிற்று", "ட்யூப் உள்ளே" என்று சொல்வதைப் பதிவு செய்து, அதிலிருந்து அட்டவணையை உருவாக்கலாம் என்ற யோசனை இங்கிருந்துதான் பிறக்கிறது.

அட்டவணை பழையது. 1890-களின் நடுவில் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், மாணவர்களாக இருந்த ஹார்வி குஷிங், எர்னஸ்ட் அமோரி காட்மன் இருவரும் ஈதர் கொடுக்கும்போது நாடித்துடிப்பையும் மூச்சையும் கட்டமிட்ட தாளில் குறிக்கத் தொடங்கினார்கள். 1901-இல் குஷிங் இத்தாலியின் பவியா நகரில் ரீவா-ரோச்சியின் கைப்பட்டையைப் பார்த்துவிட்டு வந்த பிறகு ரத்த அழுத்தமும் அந்தத் தாளில் சேர்ந்தது. இன்றைய தாளும் உருவத்தில் அதன் வாரிசுதான். குறுக்கே நேரம் ஐந்து ஐந்து நிமிடமாக ஓடும். மேலே மருந்துகளுக்கு வரிசைகள் இருக்கும். நடுவில் மேல் அழுத்தத்துக்கு ∨, கீழ் அழுத்தத்துக்கு ∧, நாடிக்குப் புள்ளி என்று குறியிடுவார்கள். கீழே சுவாசக் கருவி பற்றிய விவரமும் குறிப்புகளும் வரும்.

பேச்சை இந்தத் தாளாக மாற்றுவது தட்டச்சு வேலை என்று பலர் நினைக்கிறார்கள். மருந்தின் பெயரையும் எண்ணையும் சரியாகக் காதில் வாங்கிவிட்டால் போதும் என்பது அவர்கள் கணக்கு. சொற்களைச் சரியாகக் கேட்ட பிறகுதான் வேலையே ஆரம்பிக்கிறது என்பது என் கருத்து. சொல்லப்பட்டது எப்போது நடந்தது, நடந்ததா, நடக்கவே இல்லையா என்ற கேள்விகளுக்குப் பதில் அந்தச் சொற்களுக்குள் முழுமையாக இருப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டது இது. ஆனால் இதிலுள்ள ஒவ்வொரு சிக்கலும் எந்த ஊர் அரங்கிலும் நடக்கக்கூடியது. 45 வயதுப் பெண், எடை 62 கிலோ, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர். பித்தப்பையில் கல், லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை எடுக்கிறார்கள். மருத்துவரின் சட்டைப்பையில் ஒரு ஒலிப்பதிவுக் கருவி ஓடுகிறது. அதில் பதிவானவற்றை எழுத்து வழக்குக்கு மாற்றிக் கீழே தருகிறேன். இடப்பக்கம் இருப்பது ஒலிப்பதிவுக் கருவியின் கடிகாரம் காட்டிய நேரம்.

9:01 – "மானிட்டர் போட்டாயிற்று. பி.பி. 148/92, பல்ஸ் 88."
9:05 – "ஃபென்டனில் 100 கொடுத்தாயிற்று."
9:08 – "புரோபஃபால் 120 போகிறது."
9:09 – "மாஸ்க் எளிதாக இருக்கிறது. சிஸ்டர், அட்ராகுரியம் 30."
9:13 – "கிரேடு 3. முடியவில்லை, வெளியே வருகிறேன். மாஸ்க் கொடுங்கள்."
9:15 – "பூஜி மேல் போகிறது. ஏழாம் நம்பர் ட்யூப், 20-இல் கட்டுங்கள். கேப்னோ வருகிறது."
9:19 – "82/46. எஃபெட்ரின் 2 மில்லி."
9:20 – "போயிற்று."
9:24 – "104/60."
9:30 – (அறுவை மருத்துவர்) "கத்தி வைக்கிறேன்."
9:32 – "கேஸ் ஆன். 12."
9:34 – "பல்ஸ் 41. மேடம், கேஸை வெளியே விடுங்கள். அட்ரோபின் 0.6 எடுங்கள்."
9:35 – "58... 66. சரி, வேண்டாம், வைத்துவிடுங்கள்."
9:49 – "சொல்ல மறந்துவிட்டேன், பாரசிட்டமால் 1 கிராம் கத்தி வைத்ததுமே ஆரம்பித்துவிட்டோம்."

முதலில் கடிகாரம். இதை விட்டுவிட்டால் மற்ற எதைச் சரியாகச் செய்தும் பயனில்லை. பேச்சிலுள்ள எண்களைக் கொண்டு அழுத்தக் கோட்டை வரையக் கூடாது; அது மானிட்டரின் நினைவகத்திலிருந்து வர வேண்டும். மருத்துவர் வாய்விட்டுச் சொல்வது சில எண்களைத்தான். மானிட்டரோ ஒவ்வொரு அளவையும் நேரத்தோடு சேமித்து வைத்திருக்கிறது. மானிட்டருக்குத் தெரியாதவற்றை, அதாவது கையால் கொடுத்த மருந்து, சுவாசக் குழாய், அறுவையின் கட்டங்கள் ஆகியவற்றை, பேச்சு தருகிறது. ஆக ஒரே அட்டவணைக்குள் இரண்டு கடிகாரங்கள் நுழைகின்றன. இரண்டும் ஒத்துப்போகும் என்று நம்புவதற்கு எந்தக் காரணமும் இல்லை. மானிட்டரின் கடிகாரத்தை வாங்கிய நாளில் சரிசெய்ததோடு சரி, பிறகு யாரும் தொடாத அரங்குகள் உண்டு.

நம் எடுத்துக்காட்டில் மானிட்டரின் நினைவகத்தைத் திறந்தால் 148/92 என்ற அளவு 9:04-இலும், 82/46 என்பது 9:22-இலும், 104/60 என்பது 9:27-இலும் பதிவாகியிருக்கின்றன. பேச்சில் அவை 9:01, 9:19, 9:24. மூன்று இடத்திலும் மூன்று நிமிட வித்தியாசம். வாய்விட்டுச் சொன்ன எண்களின் உண்மையான பயன் இதுதான். அவற்றைக் கோட்டில் சேர்க்க வேண்டியதில்லை. இரண்டு கடிகாரங்களையும் பூட்டும் ஆணிகளாக அவை உதவுகின்றன. மருத்துவர் எண்ணைப் பார்த்துச் சொல்வதற்குச் சற்றுத் தாமதமாகலாம் என்பதால், வித்தியாசங்கள் சரியாக ஒன்றுபோல் வராமலும் போகலாம். பேச்சுக் கடிகாரம் பின்தங்கியிருக்கும்போது சொல்வதில் ஏற்படும் தாமதம் வித்தியாசத்தைக் குறைத்துத்தான் காட்டும். எனவே கிடைத்தவற்றில் பெரிய வித்தியாசமே உண்மைக்கு அருகில் இருக்கும். ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவு கட்டக் கூடாது.

இந்த மூன்று நிமிடத்தைச் சரிசெய்யாமல் விட்டால் என்ன ஆகும்? எஃபெட்ரின் கொடுத்தது பேச்சுப் பதிவின்படி 9:20. அழுத்தம் 82/46-க்கு இறங்கியது மானிட்டரின்படி 9:22. அட்டவணையைப் பார்ப்பவர் கண்ணுக்கு, அழுத்தத்தை உயர்த்தும் மருந்து கொடுத்த இரண்டு நிமிடம் கழித்து அழுத்தம் சரிந்ததாகத் தெரியும். மருந்து மாறிப்போனதோ, ஒவ்வாமையோ என்று அவர் யோசிப்பார். யாரும் எதையும் தவறாகக் கேட்கவில்லை. ஒரு சொல்கூடப் பிழையில்லை. ஆனால் காரணமும் விளைவும் இடம் மாறிவிட்டன. திருத்தியபின் எஃபெட்ரின் 9:23-க்குப் போகிறது. 9:22-இல் சரிவு, 9:23-இல் மருந்து, 9:27-இல் மீட்சி என்று கதை நேராகிறது.

அடுத்தது மருந்துகள். ஒரு மருந்துக் குறிப்பு முழுமையாவதற்குப் பெயர், அளவு, அலகு, வழி ஆகிய நான்கும் வேண்டும். பேச்சில் அலகும் வழியும் பெரும்பாலும் விழுங்கப்பட்டுவிடும். "ஃபென்டனில் 100" என்றால் மைக்ரோகிராம் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். ஒரு மில்லியில் 50 மைக்ரோகிராம் உள்ள மருந்து அது. 100 மில்லிகிராம் கொடுக்க வேண்டுமானால் இரண்டு லிட்டர் ஏற்ற வேண்டியிருக்கும். இந்த இடத்தில் அலகை நிரப்பிக்கொள்வதில் தவறில்லை. "புரோபஃபால் 120" என்பதும் அப்படித்தான். 62 கிலோவுக்குக் கிலோவுக்கு இரண்டு மில்லிகிராம் என்ற வழக்கமான கணக்கோடு பொருந்துகிறது.

"எஃபெட்ரின் 2 மில்லி" அப்படிப்பட்டதல்ல. எஃபெட்ரின் ஆம்பியூல் ஒரு மில்லியில் 30 மில்லிகிராம் கொண்டது. அதை நீர்த்துத்தான் கொடுக்கிறார்கள். பத்து மில்லியாக நீர்த்தால் மில்லிக்கு 3 மில்லிகிராம், ஐந்து மில்லியாக நீர்த்தால் 6. ஆக அந்த இரண்டு மில்லி 6 மில்லிகிராமாகவும் இருக்கலாம், 12 ஆகவும் இருக்கலாம். இரண்டுமே கொடுக்கக்கூடிய அளவுகள்தான் என்பதால், நடைமுறை வரம்பை வைத்து இதைத் தீர்க்க முடியாது. பதில் சிரிஞ்சின் மேல் ஒட்டிய தாளில் இருக்கிறது. அதைப் பார்க்கும் வரை அட்டவணையில் "2 மி.லி., செறிவு உறுதி செய்யப்படவில்லை" என்றே எழுத வேண்டும். நம் எடுத்துக்காட்டில் தாளில் மில்லிக்கு 3 என்று இருந்ததாக வைத்துக்கொள்வோம், 6 மில்லிகிராம். இந்த ஊரில் எல்லோரும் பத்தாகத்தான் நீர்க்கிறார்கள் என்ற துணிச்சலில் 6 என்று எழுதிவிடும் பழக்கம்தான் எனக்கு ஆகாதது. அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்; அதனாலேயே தவறும் நாளில் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

9:09-ஐ மறுபடி பாருங்கள். "சிஸ்டர், அட்ராகுரியம் 30." வேகமாகச் சொன்னால் இது "சிஸ்-அட்ராகுரியம் 30" என்று காதில் விழும். மனிதக் காதுக்கும் விழும், பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளுக்கும் விழும். சிஸ்-அட்ராகுரியம் என்று ஒரு தசைத் தளர்த்தி உண்மையாகவே இருப்பதால், அகராதியும் இந்தப் பிழையைப் பிடிக்காது. எடையை வைத்துப் பிடிக்கலாம். அட்ராகுரியம் கிலோவுக்கு அரை மில்லிகிராம், 62 கிலோவுக்கு ஏறத்தாழ 30. சிஸ்-அட்ராகுரியத்துக்கு வழக்கமான அளவு கிலோவுக்கு 0.15, அதாவது ஒன்பது, பத்து மில்லிகிராம்தான். முப்பது என்றால் மூன்று மடங்கு. எண் பெயரைக் காட்டிக்கொடுக்கிறது. உறுதிப்படுத்த, தட்டில் கிடக்கும் காலி ஆம்பியூலைப் பார்த்துவிட்டால் முடிந்தது. எண்களிலும் இதே ஆபத்து உண்டு. பேச்சில் "ஒம்பது", "அம்பது" இரண்டும் இரைச்சலுக்கு நடுவே ஒன்றாகிவிடும். ஆங்கிலத்தில் சொன்னால் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் அதே கதை.

இந்தப் பதிவிலேயே மிக ஆபத்தான வரி எது என்று கேட்டால் "அட்ரோபின் 0.6 எடுங்கள்" என்பதைத்தான் சொல்வேன். பெயர் தெளிவு, அளவு தெளிவு, 0.6 மில்லிகிராம் என்பது ஓர் ஆம்பியூலின் வழக்கமான அளவு. ஆனால் நாடியை உயர்த்தும் அந்த மருந்து நோயாளிக்குள் போகவே இல்லை. வயிற்றுக்குள் வாயு நிரம்பி வயிற்றுச் சவ்வு விரியும்போது வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு நாடி சட்டென்று விழுவது லேப்ராஸ்கோப்பியில் தெரிந்த விஷயம். வாயுவை வெளியே விடுவதுதான் முதல் வைத்தியம். விட்டதும் நாடி தானாக ஏறியது, மருந்தை வைத்துவிடச் சொன்னார்கள். "வேண்டாம், வைத்துவிடுங்கள்" என்ற வாக்கியத்தில் மருந்தின் பெயரே இல்லை. மருந்துப் பெயர்களை மட்டும் தேடியெடுக்கும் முறை இங்கே அட்ரோபினைக் கொடுத்ததாக எழுதிவிடும். அரை மணி நேரம் கழித்து நாடி 110 ஆனால், அட்டவணையை நம்பும் அடுத்த மருத்துவர் அட்ரோபினைக் குற்றம் சொல்லிவிட்டு ரத்தப்போக்கைத் தேடாமல் இருந்துவிடலாம்.

ஆகவே ஒவ்வொரு மருந்துக்கும் நிலையும் சேர்ந்தே வர வேண்டும். கேட்கப்பட்டது, எடுக்கப்பட்டது, கொடுக்கப்பட்டது, கைவிடப்பட்டது என்பவை வேறு வேறு. "போயிற்று", "கொடுத்தாயிற்று" போன்ற முடிந்த வினை வந்தால்தான் கொடுத்ததாகக் கொள்ள வேண்டும். "கொடுங்கள்", "எடுங்கள்" என்ற ஏவல் வினைகள் காத்திருக்க வேண்டியவை. இந்த விதியின்படி நம் பதிவில் எஃபெட்ரின் 9:20-இன் "போயிற்று"-ஆல் உறுதியாகிறது. அட்ராகுரியத்துக்கு அப்படிப்பட்ட முடிவு வினை எங்குமே இல்லை! நாலு நிமிடம் கழித்துக் குரல்வளையைப் பார்க்கப் போனதால் கொடுத்திருப்பார்கள் என்பது நல்ல ஊகம்தான். என்றாலும் மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டிய கேள்விகளில் அது சேர்கிறது.

பாரசிட்டமால் வேறு வகை. சொன்னது 9:49, தொடங்கியது கத்தி வைத்தபோது. கத்தி வைத்தது ஒலிப்பதிவில் 9:30, மானிட்டர் கடிகாரத்தில் 9:33. அட்டவணையில் மருந்து 9:33 அருகே போக வேண்டும், தோராயம் என்ற குறியோடும், "9:52-இல் சொல்லப்பட்டது" என்ற குறிப்போடும். இப்படித் தொங்குவதற்கு ஒரு நிகழ்வு இருந்தால் நல்லது. "கொஞ்ச நேரத்துக்கு முன்னால்" என்று மட்டும் சொல்லியிருந்தால், ஒரு புள்ளிக்குப் பதில் ஒரு இடைவெளியைத்தான் வரைய முடியும்.

சுவாசக் குழாய் விஷயத்தில் பேச்சுப் பதிவு கைப்பதிவைவிட உண்மையாக இருக்கிறது என்பேன். முடிந்த பிறகு எழுதுபவர் "7.0 ட்யூப், 20 செ.மீ., இரு பக்கமும் காற்று சமம்" என்று வெற்றியை மட்டும் எழுதி முடித்துவிடுவார். பதிவில் தோல்வியும் இருக்கிறது. முதல் முயற்சியில் கிரேடு 3, அதாவது கார்மக்கும் லேஹேனும் 1984-இல் வகுத்த வரிசையில் குரல்வளை மூடி மட்டும் தெரிந்து, குரல் நாண்கள் தெரியாத நிலை. பிறகு மாஸ்க், பிறகு பூஜி என்ற மெல்லிய வழிகாட்டிக் குச்சியின் துணையோடு இரண்டாம் முயற்சி. அடுத்த முறை இந்தப் பெண்ணுக்கு மயக்க மருந்து கொடுக்கப்போகிறவருக்கு வேண்டியது இந்தத் தோல்வியின் விவரம்தான்: மாஸ்க்கில் காற்று எளிதாகப் போனது, நேரடிப் பார்வை கிடைக்கவில்லை, பூஜி உதவியது. முயற்சிகளை ஒன்றாக்கக் கூடாது. எந்த லாரிங்கோஸ்கோப் பிளேடு என்று யாரும் சொல்லவில்லை. வழக்கமாக மூன்றாம் எண் மெக்கின்டாஷ்தான் என்று நிரப்பினால் அது கற்பனை. குழாய் சரியான இடத்தில்தான் இருக்கிறது என்பதற்கு "கேப்னோ வருகிறது" என்ற வார்த்தையோடு நிற்காமல், 9:18 முதல் மானிட்டரில் கரியமில வாயு அலை மூச்சுக்கு மூச்சு தொடர்ந்து பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துச் சேர்க்க வேண்டும். தவறி உணவுக்குழாய்க்குள் போன குழாயிலும் ஓரிரு அலைகள் தலைகாட்டி மறைவதுண்டு.

இப்போது கோடுகள். குறைந்தது ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அழுத்தமும் நாடியும் பதிய வேண்டும் என்பது அமெரிக்க மயக்கவியல் சங்கத்தின் தரநிலை. பெரும்பாலான தாள்களின் கட்டமும் அந்த இடைவெளிதான். நம் நோயாளிக்கு 9:35-இல் நாடி 72, 9:40-இல் 70 என்று மானிட்டர் காட்டுகிறது என்று கொள்வோம். இடையில் 9:37-இல் அது 41. ஐந்து நிமிடக் கட்டத்துக்கு மட்டும் மதிப்பெடுத்தால் கோடு அமைதியாக நேராகப் போகும். அந்த அறையில் எல்லோருடைய மூச்சையும் நிறுத்திய அரை நிமிடம் தாளில் இருக்கவே இருக்காது. பேச்சு இங்கே மானிட்டருக்கு வழிகாட்ட வேண்டும். பேச்சில் ஒரு எண் பதற்றத்தோடு வந்தால், அந்த இரண்டு நிமிடங்களுக்கு மட்டும் மானிட்டரின் நெருக்கமான பதிவை எடுத்துக் கட்டத்துக்கு இடையே புள்ளி வைக்க வேண்டும். கையால் எழுதிய தாள்கள் உச்சங்களையும் பள்ளங்களையும் மழுப்பிவிடும் என்பது தானியங்கிப் பதிவுகளோடு ஒப்பிட்டபோதே தெரிந்துபோன ஒன்று. பேச்சிலிருந்து செய்யும் தாளும் அதே மழுப்பலைச் செய்தால் இத்தனை சிரமம் எதற்கு?

மறுபக்கம், மானிட்டர் சொல்வதெல்லாம் உடல் சொல்வதல்ல. கைப்பட்டை கட்டிய கையிலேயே விரல் கிளிப்பும் இருந்தால், பட்டை இறுகும் ஒவ்வொரு முறையும் ஆக்சிஜன் அளவு காணாமல் போகும் அல்லது சரியும். சரிவுகள் அழுத்தம் அளந்த நிமிடங்களோடு ஒட்டியே வந்தால் காரணம் அதுதான். மின்கத்தி ஓடும்போது இ.சி.ஜி. நாடியை 180 என்று காட்டும், விரல் கிளிப்போ 70 என்று காட்டும். இப்படிப்பட்ட மதிப்புகளை அழிக்காமல், "மின்கத்திக் குறுக்கீடு" என்று அடையாளமிட்டு வைப்பதே நல்லது. 41 உண்மையானது என்பதற்கு இ.சி.ஜி.யும் விரல் கிளிப்பும் ஒரே எண்ணைச் சொன்னது ஆதாரம்.

இத்தனையும் சேர்ந்த பிறகு நெருக்கடியான பகுதி இப்படி அமையும். நேரம் மானிட்டருடையது.

| நேரம் | பதிவு | ஆதாரம் |
|---|---|---|
| 9:16 | முதல் முயற்சி: கிரேடு 3, தோல்வி, மாஸ்க் | பேச்சு |
| 9:18 | இரண்டாம் முயற்சி: பூஜி, 7.0 குழாய், 20 செ.மீ.; அலை தொடர்கிறது | பேச்சு, மானிட்டர் |
| 9:22 | 82/46 | மானிட்டர் |
| 9:23 | எஃபெட்ரின் 6 மி.கி., சிரை வழி | பேச்சு, சிரிஞ்சுத் தாள் |
| 9:33 | கத்தி. பாரசிட்டமால் 1 கி. தொடக்கம் (தோராயம்) | பேச்சு, 9:52-இல் சொன்னது |
| 9:35 | வயிற்றில் வாயு, 12 மி.மீ. பாதரசம் | பேச்சு |
| 9:37 | நாடி 41, வாயு வெளியேற்றம், அட்ரோபின் கேட்கப்பட்டது | பேச்சு, மானிட்டர் |
| 9:38 | நாடி 66. அட்ரோபின் கொடுக்கப்படவில்லை | பேச்சு, மானிட்டர் |

இது வரைவுதான். நோயாளி அரங்கை விட்டுப் போவதற்கு முன் மருத்துவர் இதைப் படித்து, எஞ்சிய கேள்விகளுக்குப் பதில் சொல்லிக் கையெழுத்திட வேண்டும். அப்போதுதான் ஆம்பியூல் தட்டு அங்கேயே இருக்கும், சிரிஞ்சு குப்பைக்குப் போயிருக்காது. மறுநாள் கேட்டால் பழைய தாளைப் போலவே நினைவிலிருந்துதான் பதில் வரும். திருத்தம் எதுவானாலும் முந்தைய வரியை அழிக்காமல், யார், எப்போது மாற்றினார் என்பதோடு சேர்க்க வேண்டும்.

கேட்பதற்குக் கிடைக்காதவை கடைசியில் மிஞ்சும். செவோஃபுளூரேன் எத்தனை சதவீதம் என்று யாரும் உரக்கச் சொல்வதில்லை. வாயு அளவிடும் கருவியின் பதிவிலிருந்து அது வந்துவிடும். இரண்டாவது சலைன் பாட்டிலை எப்போது மாட்டினார்கள் என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. எல்லாவற்றையும்விடத் தொல்லை தருவது ஆன்டிபயாடிக். உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல், கத்தி வைப்பதற்கு முந்தைய 60 நிமிடங்களுக்குள் அது கொடுக்கப்பட்டதா என்று கேட்கச் சொல்கிறது. பதிவிலும் அந்தக் கேள்வி இருக்கும்: "ஆன்டிபயாடிக்?" "போட்டாயிற்று." எந்த மருந்து, எவ்வளவு, எப்போது என்று எதுவும் இல்லை. நோயாளி அரங்குக்குள் வருமுன் வார்டிலேயே போட்டிருக்கலாம். அப்படியானால் விடை வார்டின் மருந்துத் தாளில்தான் இருக்கும். அந்தத் தாளில் 8:50 என்று இருந்தால், 9:33-க்குக் கத்தி வைத்த கணக்கில் 43 நிமிடம், வரம்புக்குள்தான். ஆனால் வார்டுச் சுவர்க் கடிகாரம் மூன்றாவது கடிகாரம். அதைச் சரிபார்க்க அங்கே யாரும் எண்களை உரக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதால், அந்த நேரத்தை "வார்டுத் தாளின்படி" என்ற அடைமொழியோடுதான் அட்டவணையின் முதல் வரியில் ஏற்ற முடியும்.